சலூனின் ஐந்தாம் ஆண்டு நிறைவில் உரிமையாளர் பேசும் நன்றியுரை: எழுதுவது முதல் பேசி முடிப்பது வரை

என் மச்சாள் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் பெண்களுக்கான சலூன் ஒன்றை நடத்துகிறார். 2021 தை மாதத்தில் இரண்டு நாற்காலிகளுடன் தொடங்கினார். இந்தத் தையில் ஐந்து ஆண்டுகள் நிறைந்தன. விழாவுக்குப் பத்து நாட்கள் இருந்தபோது ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "நன்றியுரை எழுதிவிட்டேன். நீங்கள் தமிழ் ஆசிரியர்தானே, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்" என்றார்.

தாளில் பிழை எதுவும் இல்லை. "எனது வளர்ச்சியில் தோளோடு தோள் நின்ற பணியாளர்களுக்கும் ஆதரவு தந்த அன்பான வாடிக்கையாளர்களுக்கும் இதயபூர்வமான நன்றிகள்" என்று தொடங்கி, அதே நடையில் ஒரு பக்கம் ஓடி முடிந்திருந்தது. சலூனின் பெயரை எடுத்துவிட்டு ஒரு புடவைக்கடையின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்படியானால் நான் எதைத்தான் சொல்வது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த பத்து நாட்களும் போயின. நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். மேடையில் சொன்ன பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

முதலில் கொப்பிகளை எடுங்கள்

மச்சாளிடம் ஐந்து ஆண்டுகளின் பதிவுக் கொப்பிகளும் பத்திரமாக இருந்தன. யார், எத்தனை மணிக்கு, என்ன வேலைக்கு வருகிறார் என்று எழுதி வைக்கும் சாதாரண சீ.ஆர். கொப்பிகள். பேனாவைத் தொடுவதற்கு முன் அவற்றை நிலத்தில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் புரட்டினோம். உங்களிடம் கொப்பி இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் கிடக்கும் பழைய செய்திகளும் படங்களும் உதவும். நினைவை மட்டும் நம்பி எழுதக் கூடாது. கடந்த ஆறு மாதங்களில் நடந்தவைதான் நினைவில் முன்னே வந்து நிற்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் கூட இருந்தவர்கள் பின்னுக்குப் போய்விடுவார்கள். நன்றி முதலில் சேர வேண்டியது அவர்களுக்கு.

முதல் கொப்பியின் முதல் நாளில் மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டாம் நாள் வெறுமை. மூன்றாம் நாள் புருவம் திருத்த ஒருவர் வந்திருக்கிறார். 2021 ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் 1 வரை நாடு முழுவதும் ஊரடங்கு. அந்தப் பக்கங்களில் குறுக்கே ஒரு கோடு மட்டும் கிடந்தது. 2022 பங்குனிப் பக்கங்களைத் திருப்பியபோது மச்சாள் கையை எடுக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். ஒவ்வொரு நேரமும் வெட்டப்பட்டு, மேலே வேறு நேரம் எழுதப்பட்டு, அதுவும் வெட்டப்பட்டிருந்தது. மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலம் அது.

அந்த மாதங்களில் சலூனுக்குள் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முடியை நேராக்கும் வேலையில் கிரீம் பூசி, குறித்த நேரத்தில் கழுவி, உலர்த்தி, சூட்டுக் கருவியால் இழுத்து, பிறகு இரண்டாவது மருந்து போட வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் உலர்த்தவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் தொட்டியில் இருப்பது தீர்ந்துவிடும். தலையில் பூசிய கிரீமோ நேரம் கடந்தால் முடியைக் கருக்கிவிடும். ஒருநாள் அப்படி நடந்தபோது, சங்கானையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் பெண் பின்வளவுக் கிணற்றுக்கு ஓடி, வாளி வாளியாக அள்ளி வந்து, அந்த வாடிக்கையாளரின் தலையைக் கழுவி முடித்திருக்கிறார்.

"இது உங்கள் தாளில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். "தோளோடு தோள் நின்ற" என்ற சொற்களுக்குள் இருக்கிறது என்றார். அந்தச் சொற்களை வெட்டிவிட்டு வாளியை எழுதினோம்.

ஆக, முதல் படி இதுதான். பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாள். அதில் பெயர், காலம், அவர் செய்த ஒரு செயல். "கடின உழைப்பாளி", "நேர்மையானவர்" போன்ற குணப்பெயர்களை அந்தத் தாளில் எழுத வேண்டாம். ஒருவருக்கு எதுவும் நினைவுக்கு வராவிட்டால் அவரோடு வேலை செய்பவரிடம் கேளுங்கள். எங்களுக்கு அப்படி வெறுமையாகக் கிடந்தது கடை கூட்டும் அம்மாவின் தாள். மச்சாளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆகக் கடைசியாகச் சேர்ந்த பயிற்சிப் பிள்ளைதான் சொன்னாள்: மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய தோட்டின் சுரை தொலைந்து, தேடியும் கிடைக்காமல் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா மாலையில் கூட்டிய முடிக் குவியலை ஒரு பழைய பத்திரிகையில் பரப்பி, விரலால் அளைந்து அளைந்து அதை எடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முடியை வீசுவதற்கு முன் அளைந்து பார்த்துவிட்டுத்தான் வீசுகிறார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உரிமையாளருக்கே அது தெரியாமல் இருந்திருக்கிறது.

ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

துண்டுத் தாள்கள் சேர்ந்துவிட்டால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் போதும் என்று தோன்றும். அப்படி வாசித்தால் அது பரிசளிப்பு விழாவின் பெயர்ப் பட்டியல்போல ஆகிவிடும். எல்லாவற்றையும் கோக்க ஒரு கயிறு வேண்டும். அதற்குக் கடையில் இருக்கும் ஒரு பொருளே போதும்; பெரிய தத்துவம் தேவைப்படாது.

எங்களுக்குக் கிடைத்தது கடைச் சாவி. மச்சாளின் வீடு சாவகச்சேரியில். தொடக்கத்தில் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. அவர் வந்து திறந்தால்தான் கடை. 2022 யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். சலூன் அதில் சேராது. ஸ்கூட்டி வீட்டில் நின்றது, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அந்த வாரம்தான் கடைக்குப் பக்கத்திலேயே வசிக்கும் மூத்த பணியாளருக்கு இரண்டாவது சாவி வெட்டிக் கொடுத்தார். அவர் நடந்து வந்து கடை திறந்தார். இன்று சாவிகள் மூன்று. இந்தக் கதைக்குள் நெருக்கடியும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது, வளர்ச்சியும் இருக்கிறது. அந்தச் சொற்களில் ஒன்றையும் வாயால் சொல்லத் தேவையில்லை.

உங்கள் கடையில் அது முதல் நாள் வாங்கிய கத்தரிக்கோலாக இருக்கலாம், இன்னும் மாற்றாத கண்ணாடியாக இருக்கலாம். கைமாறிய பொருளாக இருந்தால் நல்லது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன பொருளைப் பற்றிப் பேசும்போது நன்றி தானாகவே உள்ளே வந்துவிடுகிறது.

பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் பகுதி

முதலில் பணியாளர்கள், பிறகு வாடிக்கையாளர்கள். இந்த வரிசையில் நான் உறுதியாக இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் வருவது அந்தக் கைகளை நம்பித்தான். தங்கள் தலையைத் தொடுபவருக்கு மதிப்புக் கொடுக்கப்படுவதைப் பார்க்க அவர்களுக்கும் பிடிக்கும். மேலும், வாடிக்கையாளர்களுக்கான நன்றி கடைசியில் வந்தால் அது அப்படியே சிற்றுண்டிக்கு அழைப்பதில் போய் முடியும்.

பெயர்களைச் சொல்லும் வரிசை, வேலையில் சேர்ந்த நாளின் வரிசையாகவே இருக்கட்டும். திறமை வரிசையில் சொன்னால் கடைசிப் பெயருக்குரியவர் அன்று இரவு தூங்க மாட்டார். மணப்பெண் வெளிக்கிடுத்துபவரை மட்டும் நீளமாகப் புகழ்ந்தால் இன்னொரு விளைவும் உண்டு. அடுத்த நாளிலிருந்து எல்லோரும் அவரையே கேட்பார்கள். மற்றவர்களின் நாற்காலிகள் காலியாகும், அவருக்கோ இருக்க நேரமிருக்காது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கியங்கள், மூத்தவருக்கு நான்கு. கூட்டும் அம்மாவுக்கும் அதே இரண்டு வாக்கியங்கள், அதே குரலில். அவரைக் கடைசியில் "மேலும்" என்று சேர்த்தால் மண்டபம் முழுவதும் கவனிக்கும்.

"நாங்கள் ஒரே குடும்பம்போல" என்பதை நான் வெட்டிவிடச் சொன்னேன். மச்சாளுக்கு அது மனவருத்தம். உண்மையாகவே அவர் அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் கேட்கும் பணியாளரின் பக்கத்திலிருந்து பாருங்கள். மேலதிக நேரத்துக்குச் சம்பளம் கேட்க முடியாமல் இருந்த ஒரு நாள் அவருக்கு நினைவுக்கு வந்தால் அந்தச் சொல் குத்தும். அதற்குப் பதிலாக, அவர் குடும்பத்தில் ஒருவரைப்போல நடந்துகொண்ட ஒரு தருணத்தைச் சொன்னால் போதும்.

பணியாளரின் வீட்டுக் கஷ்டத்தை மேடையில் சொல்லவே கூடாது. "தகப்பன் இல்லாத பிள்ளை, நான்தான் வேலை கொடுத்துத் தூக்கிவிட்டேன்" என்று ஒரு விழாவில் கேட்டிருக்கிறேன். சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தவள் விழா முடியும்வரை நிமிரவில்லை. நம் ஊரில் போர் தின்ற வீடுகள் எத்தனையோ. அந்த வீடுகளிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்கள் கதை தங்களுடையது. நன்றியுரையில் கொடுத்தவர் பணியாளர், பெற்றவர் உரிமையாளர். அந்தத் திசை ஒரு வாக்கியத்தில்கூட மாறக் கூடாது.

விலகிப் போனவர்களையும் மறக்க வேண்டாம். மச்சாளிடம் இருந்த ஒருவர் திருமணமாகிப் பிரான்சுக்குப் போய்விட்டார். இன்னொருவர் மானிப்பாயில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டார். இரண்டாமவரைப் பற்றி மச்சாளுக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது. சில வாடிக்கையாளர்களும் அவரோடு போய்விட்டார்கள். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளின் கொப்பியில் பாதிப் பக்கங்களில் அவருடைய கையெழுத்துத்தான் இருக்கிறது. இரவு முழுவதும் யோசித்து, காலையில் அவரே தொலைபேசி எடுத்து விழாவுக்கு அழைத்தார். அழைத்த பிறகு உரையில் அந்த வரியை எழுதுவது எளிதாகிவிட்டது.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். ஊக்கத்தொகை கொடுப்பதாக இருந்தால் முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள். மேடையில் கடித உறையை நீட்டினால், அதற்குள் எவ்வளவு இருக்கும் என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். சம்பள உயர்வு தருவேன் என்று உணர்ச்சிவசப்பட்டு அறிவிப்பதும் கூடாது.

வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லும் பகுதி

புடவைக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் யோசிக்கத் தேவையில்லாத ஒரு சிக்கல் சலூன்காரருக்கு உண்டு. ஒருவர் உங்களிடம் வருகிறார் என்பது பகிரங்கம். எதற்காக வருகிறார் என்பது இரகசியம். நரை, முடி கொட்டுதல், முகத்தில் வளரும் முடி, நோய்க்குச் சிகிச்சை எடுத்த பின் மெல்ல முளைத்த முடி, பேன் என்று அந்த நாற்காலியில் இருப்பவர் கணவனிடம்கூடச் சொல்லாததைச் சொல்லியிருப்பார். நன்றி சொல்கிறேன் என்று அதில் ஒரு நூலை இழுத்தாலும் போயிற்று.

ஒரு விழாவில் உரிமையாளர் முன்வரிசையில் இருந்த ஒரு அன்ரியைக் காட்டி, "ஐந்து வருடமாக மாதம் தவறாமல் டை அடிக்க வருகிறவர்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எல்லோரும் திரும்பி அவருடைய தலையைப் பார்த்தார்கள். அன்ரி சிரித்தார். பிறகு அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதனால் இரண்டு விதிகள் வைத்துக்கொண்டோம். வாடிக்கையாளர் பெயரைச் சொல்வதானால் முன்கூட்டியே அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் சொல்வது. பெயரையும் செய்துகொண்ட வேலையையும் ஒரே வாக்கியத்தில் வைக்காமல் இருப்பது. மச்சாள் நான்கு பேரிடம் கேட்டார். இரண்டு பேர் சம்மதித்தார்கள், ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் "பெயரைச் சொல்லாமல் முதல் நாள் வந்தவர் என்று சொல்லுங்கள், எனக்குத் தெரிந்தால் போதும்" என்றார். அந்தக் கடைசிப் பதில் எங்களுக்கு மிகவும் உதவியது. பெயரில்லாமல் ஒரு செயலைச் சொன்னால் அதற்குரியவர் தன்னைத் தானே கண்டுகொள்வார். மற்றவர்களுக்கு அது ஒரு கதை மட்டும்.

திரையில் ஓடவிடும் படங்களிலும் இதே கவனம் வேண்டும். மணப்பெண் படங்கள் அழகாக இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஐந்து ஆண்டுகளில் சில திருமணங்கள் முறிந்திருக்கும், சிலர் துணையை இழந்திருப்பார்கள். சாமத்திய வீட்டுப் படங்கள் இன்னும் கவனமானவை. அந்தச் சிறுமி இன்று உயர்தரம் படிக்கிறாள், வகுப்புத் தோழிகள் மண்டபத்தில் இருக்கக்கூடும். ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுத்தான் போட வேண்டும். கேட்க நேரமில்லாவிட்டால் முகம் தெரியாத பின்னல் படங்களை மட்டும் போடலாம்.

"எல்லா வாடிக்கையாளர்களுக்கும்" என்ற ஒற்றைச் சொல்லை உடைத்து, மூன்று வகையினரைத் தேர்ந்தோம்: வெறுமையான முதல் மாதத்தில் வந்தவர்கள், மின்வெட்டுக் காலத்தில் வெட்டி வெட்டி எழுதிய நேரங்களுக்குச் சலிக்காமல் வந்தவர்கள், குறை சொன்னவர்கள். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களையும் சேர்க்க மச்சாள் விரும்பினார். அவர்கள் நிறையப் பணம் கொடுப்பவர்கள். ஆனால் மாதம் ஒருமுறை புருவம் திருத்த வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் கடையை ஐந்து ஆண்டுகள் தாங்கியவர்கள். விவாதித்து, விட்டுவிட்டோம்.

ஒரு தவறைச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும்

குறை சொன்னவர்களுக்கு நன்றி என்று பொதுவாகச் சொன்னால் அது வெறும் பண்பாட்டுச் சொல். எது குறை, அதனால் என்ன மாறியது என்று சொன்னால்தான் அதற்குப் பொருள்.

மச்சாளின் தவறு ஒரு ஆவணி முகூர்த்தத்தில் நடந்தது. ஒரே காலையில் மூன்று மணப்பெண்களை ஏற்றுக்கொண்டார். நம் ஊர்க் கலியாணத்தில் பெண்ணை வெளிக்கிடுத்தி அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. கூறை கொடுத்த பிறகு பெண் உள்ளே வந்து கூறைச் சேலைக்கு மாற வேண்டும். தாலி கட்டும் நேரத்துக்குள் அதைக் கட்டி முடிக்க வெளிக்கிடுத்தியவர் மண்டபத்திலேயே நிற்க வேண்டும். ஆகவே ஒரு பெண்ணுக்கு ஒருவர் முழுக் காலையும் போய்விடுவார். கடையில் அதைத் தனியாகச் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது பெண்ணுக்கு நேரம் பிந்தி, கூறையை உறவினர் ஒருவர்தான் கட்டிவிட்டார். அந்தப் பெண்ணின் தாய் அடுத்த நாள் கடைக்கு வந்து, குரலை உயர்த்தாமல், நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு பெண்கள் மட்டும்.

இதை மேடையில் சொல்லலாமா என்று மச்சாள் மூன்று நாட்கள் தயங்கினார். அந்தத் தாயிடமே கேட்டோம். "யாரென்று சொல்லாமல் சொல்லுங்கள்" என்றார். பணியாளர் ஒருவரின் தவறை இந்த இடத்தில் சொல்லவே கூடாது. உரிமையாளர் எடுத்த முடிவில் நேர்ந்த தவறாக இருக்க வேண்டும்.

பெற்றோர், கணவர், கட்டடச் சொந்தக்காரர், அயலவர் எல்லோருக்கும் ஒரு மூச்சில் நன்றி சொல்லிவிடலாம். அவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேறு நாட்கள் உண்டு.

மச்சாள் பேசிய உரை

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்கள் போகும். நின்றுகொண்டு கேட்பவர்களும் குழந்தைகளோடு வந்தவர்களும் இருப்பார்கள். ஐந்து நிமிடம் போதும். பெயர் வந்த இடங்களில் இங்கே வேறு சொல்லை வைத்திருக்கிறேன்.

"வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். என் கையில் இருப்பது எங்கள் கடையின் சாவி. 2021 தையில் இது ஒன்றுதான் இருந்தது, என்னிடம்தான் இருந்தது. முதல் நாள் மூன்று பேர் வந்தீர்கள். இரண்டாம் நாள் யாரும் வரவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு, இனித் திறப்பேனா என்று யோசித்தபடி வீட்டுக்குப் போனேன்.

முதல் வாரத்திலேயே வேலைக்கு வந்தவர் எங்கள் அக்கா. 2022இல் பெற்றோல் இல்லாமல் நான் சாவகச்சேரியில் முடங்கியபோது இரண்டாவது சாவி அவர் கைக்குப் போனது. அந்த நாட்களில் அவர் நடந்து வந்து கடை திறந்தார், பூட்டினார், அன்றைய கணக்கை எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு சதமும் பிசகவில்லை. அக்கா, அந்தச் சாவியை நான் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

சங்கானையிலிருந்து வரும் தங்கச்சி, மின்சாரம் போய்த் தொட்டி வற்றிய அன்று கிணற்றில் அள்ளி ஒருவருடைய தலையைக் கழுவி முடித்தார். அன்று அவருடைய உடுப்பு முழுவதும் நனைந்திருந்தது. அப்படியேதான் பஸ் ஏறினார்.

மணப்பெண்களை வெளிக்கிடுத்தும் தங்கச்சி, இந்த ஆண்டுகளில் எத்தனையோ நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிறார். அவரைக் கூட்டி வந்து இறக்கிவிட்ட அவருடைய அப்பாவுக்கும் நன்றி சொல்கிறேன். இன்று வர முடியாமல் கைக்குழந்தையோடு கோப்பாயில் இருக்கும் தங்கச்சிக்கு, அவருடைய நாற்காலி அப்படியே இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் அம்மா ஒவ்வொரு மாலையும் கூட்டிய முடியை விரலால் அளைந்து பார்த்துவிட்டுத்தான் வீசுகிறார். ஒருவருடைய தோட்டுச் சுரை அப்படித்தான் கிடைத்தது. எனக்கே அது போன வாரம்தான் தெரியும். அம்மா, நான் பார்க்காமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆகப் பிந்திச் சேர்ந்த பிள்ளை இதை எனக்குச் சொன்னவள். மற்றவர் செய்த நல்லதைக் கவனிக்கிற கண் அவளுக்கு இருக்கிறது.

முன்பு எங்களோடு இருந்த இரண்டு பேரின் கையெழுத்து எங்கள் பழைய கொப்பிகளில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஒருவர் பிரான்சில் இருக்கிறார். மற்றவர் இன்று இங்கே வந்திருக்கிறார். வந்ததற்கு நன்றி.

வாடிக்கையாளர்களே, அந்த முதல் மூன்று பேரில் ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். நான்காம் நாள் அவர் தன் சகோதரியையும் கூட்டி வந்தார். அன்றுதான் நான் கடையைத் தொடர முடிவு செய்தேன். மின்வெட்டுக் காலத்தில் காலை ஆறு மணிக்கு வாருங்கள் என்றோம், வந்தீர்கள். பிறகு இரவு எட்டு மணி என்றோம், அதற்கும் வந்தீர்கள்.

ஒரு தாய், தன் மகளின் கலியாணத்தில் நான் விட்ட பிழையை நேரில் வந்து சொன்னார். மூன்று பெண்களை ஒரே காலையில் ஏற்றது என் பிழை. அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கு மேல் ஏற்பதில்லை. அம்மா, நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். என்னிடம் வந்து சொன்னீர்கள்.

என் கணவருக்கும், பெற்றோருக்கும், கட்டடச் சொந்தக்கார ஐயாவுக்கும், கிணற்றைத் தந்த அயல் வீட்டாருக்கும் நன்றி.

மூன்றாவது சாவி இது. நேற்றுத்தான் வெட்டுவித்தேன். இதைச் சங்கானைத் தங்கச்சியிடம் கொடுக்கிறேன். கொடுத்த பிறகு எல்லோரும் சேர்ந்து தேநீர் குடிப்போம்."

பேசும் நாள்

மச்சாள் உரையை மனப்பாடம் செய்யவில்லை. ஆறு சிறிய அட்டைகளில் பெரிய எழுத்தில், ஒரு ஆளுக்கு ஒரு பகுதியாக எழுதிக்கொண்டார். தாளைவிட அட்டை நல்லது. கை நடுங்கினால் தாள் சரசரக்கும், ஒலிவாங்கி அதைப் பிடித்துவிடும். ஒலிவாங்கியை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் பிடிக்கப் பழகினார். முதல் நாள் மாலை கடை பூட்டிய பிறகு கண்ணாடி முன்னால் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தரம் அம்மாவின் பகுதியில் குரல் அடைத்தது. அந்த இடத்தில் அட்டையின் ஓரத்தில் "தண்ணீர்" என்று எழுதிவைத்தோம். விழாவில் சரியாக அங்கேதான் நின்றார். ஒரு மிடறு குடித்தார், தொடர்ந்தார். குரல் அடைத்தால் பேசிக்கொண்டே சமாளிக்கப் பார்க்கக் கூடாது. நிறுத்திவிட்டால் கேட்பவர்கள் காத்திருப்பார்கள்.

விழா ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ராகுகாலம் மாலை 4.30க்குத் தொடங்கிவிடும். அதனால் 3.45க்கு விளக்கேற்றி, ஒரே ஒரு வாழ்த்துரைக்குப் பின் உரையை வைத்தோம். வாழ்த்துரைகள் நான்கைந்து ஆனால் உரிமையாளர் பேச எழும்பும்போது ரோல்ஸும் வடையும் ஆறிப்போய், பாதிப்பேர் வாசலில் நிற்பார்கள். விளிப்பையும் குறுக்கினோம். பெரியோர்களே, தாய்மார்களே என்று ஒவ்வொருவராக அழைத்தால் முதல் நிமிடம் அதிலேயே கரைந்துவிடும்.

பணியாளர்களை மேடைக்கு ஏற்றவில்லை. அவர்கள் தங்கள் குடும்பத்தோடு இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பெயர் சொன்னதும் மச்சாள் அந்தப் பக்கம் திரும்பி, கண்ணைப் பார்த்து, பிறகுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். மேடையில் வரிசையாக நிறுத்தினால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள், தங்களைப் பற்றிச் சொல்வது காதில் ஏறாது. பக்கத்தில் தாயோ பிள்ளையோ இருந்தால் அவர்களும் சேர்ந்து கேட்பார்கள்.

உரையில் ஒரு இடம் எதிர்பார்த்ததுபோல வரவில்லை. மானிப்பாய்க்காரரைப் பற்றிய வரிக்குக் கைதட்டல் வரும் என்று நினைத்தேன். மண்டபம் அமைதியாக இருந்தது. நடந்தது பலருக்குத் தெரியும். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மச்சாள் விளக்கம் சொல்லாமல் அடுத்த அட்டைக்குப் போனார். அதுவே சரி. தேநீர் நேரத்தில் அந்தப் பெண் வந்து மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

விழா முடிந்ததும் அட்டைகளைப் பகுதி பகுதியாக வெட்டி, அவரவர் பகுதியை அவரவரிடம் கொடுத்தார். கோப்பாய்த் தங்கச்சியின் துண்டு மட்டும் மிச்சமிருந்தது. அடுத்த நாள் மாலை ஒரு பற்றிஸ் பெட்டியோடு அவருடைய வீட்டுக்குப் போனோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் உள்ளே போகவில்லை. வாசல் படியில் நின்றபடியே, அந்த வாக்கியத்தை மச்சாள் தாழ்ந்த குரலில் அவருக்கு வாசித்துக் காட்டினார்.